குரூப் 4 பயிற்சி மையத்துக்குச் சேர்க்கை அறிவிப்பு எழுதுவது எப்படி: தகுதி, கட்டணம், கடைசித் தேதி, தொடர்பு

ஒரு சேர்க்கை அறிவிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மகளை டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வகுப்பில் சேர்க்க நினைக்கும் ஒரு தாய் அதைக் கைபேசியில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் சேரலாமா, மொத்தம் எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், பணத்தோடு எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கும் போன் போடாமலே அவருக்குத் தெரிந்துவிட்டால் அறிவிப்பு சரி. 'விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று முடித்தால், போன் போடத் தயங்குகிறவர் அத்தோடு விட்டுவிடுவார். கிராமங்களிலிருந்து முதன்முதலாகப் போட்டித் தேர்வுக்கு வருகிற குடும்பங்கள்தான் இப்படி அதிகம் தயங்குகின்றன. அந்த வகுப்பு அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

இங்கே கும்பகோணத்தில் 60 பேர் கொண்ட காலை வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கான அறிவிப்பைப் படிப்படியாக எழுதிப் பார்க்கலாம். வகுப்பு 2026 ஜூன் 8 திங்கட்கிழமை தொடங்கி 24 வாரம் நடக்கிறது. நவம்பர் 21 சனிக்கிழமை முடிகிறது.

முதல் படி: எழுதுவதற்கு முன் முடிவு செய்யுங்கள்

பல அறிவிப்புகள் குழப்பமாக இருப்பதற்கு எழுத்து காரணமில்லை. எழுத உட்காரும்போது மையத்திலேயே சில விஷயங்கள் முடிவாகியிருப்பதில்லை. தவணை உண்டா, பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும், வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்து வருகிறவரைச் சேர்ப்போமா என்றெல்லாம் மேசைக்கு வருகிறவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒருவருக்கு ஒரு கட்டணம், அவர் நண்பருக்கு வேறு கட்டணம் என்றாகி, வகுப்புக்குள்ளேயே பேச்சு கிளம்புகிறது. முடிவுகளை ஒரே தாளில் எழுதி, மேசையில் உட்காருகிறவரும் பாடம் நடத்துகிறவரும் அதைப் படித்த பிறகு அறிவிப்பைத் தொடங்குங்கள்.

நேரத்தை முடிவு செய்யும்போது பேருந்தையும் கணக்கில் வையுங்கள். பாபநாசம், குத்தாலம், திருவிடைமருதூர், வலங்கைமான் பக்கங்களிலிருந்து வருகிற பெண்களில் பலர் கட்டணமில்லாப் பயணம் உள்ள சாதாரண நகரப் பேருந்தில்தான் வருவார்கள். கிராமத்துத் தடங்களில் அந்தப் பேருந்து அடிக்கடி வராது. 9.30 முதல் 12.30 வரை வகுப்பு என்றால் காலை வேலையை முடித்துவிட்டு வரலாம், மதியத்துக்குள் வீடு திரும்பலாம். மாலை 6 முதல் 9 வரை என்றால் அவர்களில் பாதிப் பேர் தொடக்கத்திலேயே விலகிக்கொள்வார்கள். ஆகவே தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அறிவிப்பில் போடுங்கள். வீட்டில் அனுமதி கிடைப்பது பெரும்பாலும் முடியும் நேரத்தைப் பொறுத்தது.

இரண்டாம் படி: தகுதியை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்

அறிவிப்புகளில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. தேர்வு எழுதும் தகுதி ஒன்று, உங்கள் வகுப்பில் சேரும் தகுதி இன்னொன்று. முதலாவதை முடிவு செய்வது தேர்வாணையம். இரண்டாவதை முடிவு செய்வது நீங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலந்து '10ஆம் வகுப்பு தேர்ச்சி போதும்' என்று போட்டால் ஏமாற்றம் பின்னால் வரும்.

குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். ஆனால் அந்த ஒரே தேர்வில் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் எனப் பல பணிகள் இருக்கின்றன. தட்டச்சர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்று வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் முடித்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், டைப்பிங் தெரியாதவர் தட்டச்சர் வேலையை நினைத்துக்கொண்டு ஆறு மாதம் படிப்பார். இன்னொரு பக்கம், ஹையர் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவருக்குத் தனக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பதே தெரியாமல் போகும்.

வயதில் இன்னும் கவனம் வேண்டும். கணக்கிடும் நாள் அறிவிக்கை வெளியாகும் ஆண்டின் ஜூலை 1. குறைந்தபட்ச வயது இளநிலை உதவியாளருக்கு 18, கிராம நிர்வாக அலுவலருக்கு 21. மேல் வரம்பு பணிக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் ஏற்ப மாறும். பிசி வகுப்பைச் சேர்ந்த 36 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்றால் இளநிலை உதவியாளர் பணிக்கான 34 வயது வரம்பை அவர் தாண்டிவிட்டார். அவரே பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்திருந்தால், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உள்ள சலுகைப்படி அந்தப் பணிக்கு வயது உச்சவரம்பே கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் பணிக்கோ வரம்பு 42 என்பதால் பத்தாம் வகுப்பு மட்டும் படித்திருந்தாலும் அவர் எழுதலாம். வெறுமனே 'வயது 18 முதல் 34 வரை' என்று போடும் அறிவிப்பு, தேர்வு எழுதத் தகுதியுள்ள இந்தப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பொதுப் பிரிவினருக்கு வரம்பு 32 என்பதையும் மறைக்காதீர்கள். அவர்கள் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது நியாயமில்லை.

முழு அட்டவணையையும் அறிவிப்பில் அடைக்க வேண்டியதில்லை. இரண்டு வரியில் முக்கியமானதைச் சொல்லிவிட்டு, 'உங்கள் பிறந்த தேதி, படிப்பு, இடஒதுக்கீட்டுப் பிரிவு மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தெந்தப் பணிக்குத் தகுதி என்று பார்த்துச் சொல்கிறோம்' என்று போடலாம். பதில் சொல்கிறவர் ஞாபகத்திலிருந்து சொல்லக்கூடாது. அந்த ஆண்டு அறிவிக்கையை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வகுப்பில் சேரும் தகுதி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். 150க்கு 60 மதிப்பெண் தமிழில் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்து, தமிழை இரண்டாம் இடத்தில் வைத்திருந்த பட்டதாரிகள் தடுக்கி விழும் இடம் இதுதான். எனவே 'பாடம் தமிழில் நடக்கும். தமிழில் சரளமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இலக்கணத்துக்கு முதல் 4 வாரம் அடிப்படையிலிருந்து வகுப்பு' என்று எழுதுங்கள். யாரும் பயந்து ஓட மாட்டார்கள். தனக்குத் தேவையானது இங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் படி: கட்டணம், கடைசி ரூபாய் வரை

'குறைந்த கட்டணம்' என்பது தொகை இல்லை. 'மாதம் ரூ.1,500 முதல்' என்பதும் பயன்படாது, எத்தனை மாதம் என்று தெரியாதவரை. படிப்பவர் தேடுவது, வகுப்பு முடியும் நாளுக்குள் தன் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை. அதை முதலில் போட்டு, பிறகு பிரித்துக் காட்டுங்கள்.

நம் வகுப்புக்குப் பயிற்சிக் கட்டணம் ரூ.9,000, பாடக் குறிப்புகள் ரூ.1,500, வாராந்திரத் தேர்வுகள் ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.11,500. சேர்க்கைப் பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று வேறு ஏதாவது வாங்குவதாக இருந்தால் அதுவும் இந்த மொத்தத்துக்குள் வந்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு கேட்கும் 200 ரூபாயில் போகும் நம்பிக்கை அந்த 200 ரூபாயைவிடப் பெரியது.

ஜிஎஸ்டியை மறந்துவிடாதீர்கள். பயிற்சி மையங்களுக்கு 18 சதவீதம். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத, பதிவு செய்யாத மையம் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. நம் மையத்தில் 60 பேர் கொண்ட வகுப்பு ஆண்டுக்கு இரண்டு என்றால் வரவு ரூ.13.8 லட்சம்தான், ஆகவே வரி இல்லை. பதிவு செய்த மையமாக இருந்தால் அதே கட்டணம் வரியோடு ரூ.13,570 ஆகிவிடும். ரூ.2,070 வித்தியாசம். அப்படியானால் பெரிய எழுத்தில் ரூ.11,500 போட்டுவிட்டு மூலையில் 'வரி தனி' என்று எழுதுவது சரியல்ல. வரி சேர்த்த தொகையையே போடுங்கள்.

தேர்வாணையத்துக்குக் கட்டுவது இதில் சேராது என்றும் ஒரு வரி வேண்டும். நிரந்தரப் பதிவுக்கு ரூ.150, அது 5 ஆண்டு செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் ரூ.100, சலுகை உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. இரண்டையும் விண்ணப்பதாரரே தேர்வாணைய இணையதளத்தில் கட்ட வேண்டும். இதைச் சொல்லாவிட்டால், உங்களிடம் பணம் கட்டியதும் தேர்வுக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது என்று நம்பி, தேர்வை விட்டுவிடுகிறவர்கள் இருப்பார்கள்.

தவணைத் தேதியை டெல்டாவின் கையிருப்பைப் பார்த்து வையுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதை எதிர்பார்த்து குறுவைக்கு விதை, உரம், உழவு என்று பணம் போகும் நேரத்தில்தான் நம் வகுப்பு தொடங்குகிறது. குறுவை அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்கு வருவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில். ஜூலை 10இல் இரண்டாம் தவணை கேட்டால் விவசாயக் குடும்பம் நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடும். சேரும்போது ரூ.5,500, அக்டோபர் 17 சனிக்கிழமைக்குள் ரூ.6,000 என்று வைத்தால் குறுவைப் பணம் வந்துவிடும், தீபாவளிச் செலவு இன்னும் தொடங்கியிருக்காது. மையத்துக்கு வாடகையும் ஆசிரியர் சம்பளமும் முதல் தவணையிலிருந்து வர வேண்டும் என்பதால் அதை ரூ.5,500க்குக் கீழே இறக்குவது கடினம். சம்பாவை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்தத் தேதியும் உதவாது. அறுவடைக்கு அவர்கள் ஜனவரி, பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நம் வகுப்பு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கென்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் அதையும் எல்லோருக்கும் தெரிய எழுதுங்கள்.

பாதியில் நிற்கிறவருக்குப் பணம் திரும்பும் விதத்தையும் தொகையாகக் காட்டுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்கள், முழுக் கட்டணமும் கட்டியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளுக்குள் திருப்பித் தரச் சொல்கின்றன. நம் கணக்கில் பாடக் குறிப்பு கைக்குப் போய்விட்டதால் அந்த ரூ.1,500ஐத் தனியே வைத்தால், வகுப்புக்கும் தேர்வுகளுக்கும் சேர்த்து 24 வாரத்துக்கு ரூ.10,000. முழுத் தொகையும் கட்டியவர் 6 வாரம் படித்துவிட்டு நின்றால் மீதி 18 வாரம், அதாவது ரூ.7,500 திரும்ப வேண்டும். முதல் தவணை ரூ.5,500 மட்டும் கட்டியவரானால், அதில் குறிப்புக்கு ரூ.1,500, ஆறு வாரத்துக்கு ரூ.2,500 போக ரூ.1,500 திரும்பும்.

நான்காம் படி: கடைசித் தேதி

அறிவிப்பில் தேதிகள் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மையத்தில் சேரக் கடைசி நாள், வகுப்பு தொடங்கும் நாள், தேர்வாணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று மூன்று இருக்கின்றன. 'கடைசித் தேதி' என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் அதை அரசுத் தேர்வுக்கான தேதி என்றே எடுத்துக்கொள்வார்கள். 'எங்கள் மையத்தில் சேரக் கடைசி நாள்: 2026 ஜூன் 6, சனிக்கிழமை, மாலை 6 மணி' என்று ஆண்டு, கிழமை, நேரம் எல்லாவற்றையும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு அடுத்த ஆண்டும் சுற்றும். ஆண்டு இல்லாவிட்டால் 2027 ஜூனில் ஒருவர் பணத்தோடு வந்து நிற்பார்.

கடைசி நாள் கழித்து வருகிறவருக்கு என்ன பதில் என்பதும் தெரிய வேண்டும். இடமிருந்தால் ஜூன் 20 வரை சேரலாம், தவறிய பாடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு, அதன் பிறகு அடுத்த அணிதான் என்று சொல்லிவிட்டால் மன்றாட்டுக்கு இடமிருக்காது. அக்டோபர், நவம்பரில் மழைக்காகப் பள்ளி கல்லூரிகளுக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்களில் வகுப்பு நடக்குமா, ஈடு செய்யும் வகுப்பு எப்போது என்றும் ஒரு வரி சேருங்கள். நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

'இன்னும் 3 இடங்களே உள்ளன' என்று எல்லா நாளும் போடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13இல் பயிற்சித் துறை விளம்பரங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதைத் தடை செய்கின்றன. 'வேலை உறுதி', '100 சதவீதத் தேர்ச்சி' போன்ற பொய் வாக்குறுதிகளுக்கும் அதே தடைதான். வெற்றி பெற்றவரின் படம் போட அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்து மூலம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அவர் படித்தது முழு வகுப்பா, மாதிரித் தேர்வு மட்டுமா என்பதும் படத்தோடு வர வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. படங்களை விட்டுவிட்டு அந்த இடத்தில் கால அட்டவணையைப் போட்டால் படிப்பவருக்குக் கூடுதல் பயன்.

ஐந்தாம் படி: தொடர்பு

ஐந்து எண்கள் போடுவதைவிட, உண்மையில் எடுக்கிற ஒரே எண் மேல். அதன் பக்கத்தில் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று எழுதுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் எடுக்காத எண்ணை 'எப்போதும் அழைக்கலாம்' என்று போட்டால், ஒருமுறை அழைத்து எடுக்காவிட்டால் யாரும் மறுமுறை அழைப்பதில்லை.

முகவரியில் கதவு எண்ணோடு அடையாளமும் வேண்டும். மகாமகக் குளத்தின் எந்தக் கரை, எந்தக் கடைக்கு எதிரே, எத்தனையாவது மாடி என்று எழுதினால் ஊருக்குப் புதியவர் சுற்ற வேண்டாம். பணம் கட்டும் வழியையும் இங்கேயே சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் அறிவிப்பை எடுத்து, எண்ணையும் க்யூஆர் படத்தையும் மாற்றிப் பரப்ப முடியும். ஆகவே பணம் அனுப்பும்போது திரையில் தெரிய வேண்டிய கணக்குப் பெயரை எழுத்தில் போட்டு, தனிநபர் பெயர் தெரிந்தால் அனுப்ப வேண்டாம் என்றும், ரசீது இல்லாமல் எந்தத் தொகையும் வாங்குவதில்லை என்றும் சேருங்கள்.

எல்லாம் சேர்ந்த அறிவிப்பு

மேலே முடிவு செய்தவற்றை அடுக்கினால் இப்படி வரும். மையத்தின் பெயர், எண் உள்ள இடங்களில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> குரூப் 4 தேர்வுப் பயிற்சி – சேர்க்கை 2026
> (மையத்தின் பெயர்), கும்பகோணம்
>
> வகுப்பு: 2026 ஜூன் 8 முதல் நவம்பர் 21 வரை, 24 வாரம். திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 – 12.30. மொத்தம் 60 இடம். பாடம் தமிழில். மழை விடுமுறைக்கு ஈடாக ஞாயிறு வகுப்பு.
>
> யார் சேரலாம்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற, தமிழில் சரளமாகப் படிக்கத் தெரிந்த அனைவரும். தட்டச்சர் பணிக்கு டைப்பிங் சான்று தனியாக வேண்டும். வயது வரம்பு பணிக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் ஏற்ப மாறும்; பிறந்த தேதி, படிப்பு, பிரிவு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம்.
>
> மொத்தக் கட்டணம்: ரூ.11,500 (பயிற்சி 9,000, குறிப்பு 1,500, தேர்வுகள் 1,000). வேறு கட்டணம் இல்லை. சேரும்போது ரூ.5,500, அக்டோபர் 17க்குள் ரூ.6,000. இடையில் நின்றால் குறிப்புக்கான ரூ.1,500 போக, மீதி வாரங்களுக்குக் கட்டிய தொகை 10 நாளில் திரும்பத் தரப்படும். தேர்வாணையப் பதிவுக்கும் தேர்வுக்கும் உரிய கட்டணத்தை நீங்களே தேர்வாணைய இணையதளத்தில் கட்ட வேண்டும்.
>
> எங்கள் மையத்தில் சேரக் கடைசி நாள்: 2026 ஜூன் 6, சனிக்கிழமை, மாலை 6 மணி. இடமிருந்தால் ஜூன் 20 வரை.
>
> கொண்டுவர வேண்டியவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் 2. அசல் சான்றிதழ் எதையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.
>
> தொடர்பு: (கைபேசி, வாட்ஸ்அப் எண்), மதியம் 1 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை. (முழு முகவரி, அடையாளம்). கணக்குப் பெயர்: (மையத்தின் பெயர்). ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு.

வெளியிடும்போது

அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். படத்தில் உள்ள எண்ணைத் தொட்டு அழைப்பது பல கைபேசிகளில் முடியாது, சிறிய எழுத்தும் மங்கிவிடும். படத்தில் தலைப்பு, மொத்தக் கட்டணம், கடைசி நாள், எண் ஆகிய நான்கை மட்டும் பெரிதாகப் போட்டு, முழு விவரத்தை எழுத்தாக அதன் கீழே அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், நூலகம் ஆகிய இடங்களில் ஒட்டும் தாளில் முழு விவரமும் இருக்கட்டும்.

வெளியிடுவதற்கு முன் மையத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, இரண்டாம் தவணை எப்போது, ஜூன் 10இல் வந்தால் சேரலாமா. பதில் சொல்ல அவர் தாளை இரண்டு முறை புரட்டினால் அந்த வரியை மேலே கொண்டுவந்து திருத்துங்கள். வெளியிட்ட முதல் மூன்று நாளில் வரும் அழைப்புகளில் என்ன கேட்கிறார்கள் என்று மேசையில் இருப்பவர் குறித்துவைக்க வேண்டும். ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் அறிவிப்பில் இல்லை, அல்லது கண்ணில் படவில்லை. சேர்த்துவிட்டு, 'திருத்திய அறிவிப்பு, மே 20' என்று தேதியோடு மறுபடி அனுப்புங்கள். 60 இடமும் நிரம்பிய அன்றே அதே குழுக்களில் 'சேர்க்கை முடிந்தது, அடுத்த அணி டிசம்பரில்' என்று அறிவித்துவிடுங்கள்.